எம்.சி.பி. ஏன் விழவில்லை?

பல்லடம் பக்கத்து நூற்பாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 11 ஆயிரம் வோல்ட் லைனை வாங்கி, சொந்த டிரான்ஸ்ஃபார்மரில் இறக்கிக்கொள்ளும் எச்.டி. இணைப்பு. அலுவலகக் கட்டடத்தில் ஒரு டிஸ்ட்ரிபியூஷன் போர்டு. அங்கிருந்து மெயின் கேட்டில் இருக்கும் காவலர் அறைக்குக் கேபிள் போகும் வழி 120 மீட்டர். அறை தகரச் சுவர் போட்ட சின்ன கேபின். உள்ளே ஒரு ஃபேன், டியூப் லைட், கேமராத் திரை, செல்போன் சார்ஜர். எல்லாம் சேர்ந்து 4 ஆம்பியர்கூட இழுக்காது. இதற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிள், மூன்று கோர், போர்டில் ஒரு 16 ஆம்பியர் எம்.சி.பி. எந்த எலக்ட்ரீசியனைக் கேட்டாலும் 'தாராளமா தாங்கும்' என்றுதான் சொல்வார்.

தாங்கும்தான். வோல்டேஜ் இறக்கத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2.5 ஸ்கொயர் தாமிரக் கேபிளில் ஒரு ஆம்பியருக்கு ஒரு மீட்டருக்கு 18 மில்லிவோல்ட் குறையும். 4 ஆம்பியர், 120 மீட்டர் என்றால் 8.6 வோல்ட். நூற்றுக்கு நாலுகூட இல்லை. லைட் பளிச்சென்று எரியும், ஃபேன் வேகமாகச் சுற்றும். இந்த வயரிங்கில் கோளாறு இருப்பதாக யாருக்கும் தோன்றாது.

ஒரு நாள் டேபிள் ஃபேனுக்குள் ஃபேஸ் ஒயரின் இன்சுலேஷன் தேய்ந்து, செப்பு இழை ஃபேனின் இரும்பு உடம்பைத் தொடுகிறது. மூன்று முள் பிளக் வழியாக அந்த உடம்பு எர்த் ஒயரோடு சேர்ந்திருக்கிறது. அப்படியானால் பெரிய கரண்ட் பாய்ந்து எம்.சி.பி. சட்டென்று விழ வேண்டும். எர்த் ஒயர் இருப்பதே அதற்காகத்தான். ஆனால் இந்தக் கேபினில் அது சட்டென்று விழும் என்று சொல்ல முடியாது. சில வினாடிகள் அது அப்படியே நிற்கக்கூடும். அத்தனை நேரமும் ஃபேனின் உடம்பில் நூறு வோல்டுக்கு மேல் நிற்கும்.

காரணம் 120 மீட்டர் நீளம்தான்.

பழுது நேரும்போது கரண்ட் எந்த வழியாகச் சுற்றுகிறது என்று பார்த்தால் இது விளங்கும். டிரான்ஸ்ஃபார்மரின் சுருளில் கிளம்பி, மெயின் கேபிளில் போர்டுக்கு வந்து, எம்.சி.பி.யைத் தாண்டி, ஃபேஸ் ஒயரில் 120 மீட்டர் ஓடி, ஃபேனின் உடம்பைத் தொட்டு, எர்த் ஒயரில் அதே 120 மீட்டரைத் திரும்பக் கடந்து, டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் முனையில் போய்ச் சேர்கிறது. இந்த முழு வட்டத்தையும்தான் எர்த் ஃபால்ட் லூப் என்கிறார்கள். வட்டத்தில் இருக்கும் மொத்தத் தடை எர்த் ஃபால்ட் லூப் இம்பீடன்ஸ். பொறியாளர்கள் அதை இப்படி எழுதுவார்கள்:

Zs = Ze + (R1 + R2)

Ze என்பது டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து போர்டு வரை போய்த் திரும்பும் பகுதியின் தடை. R1 என்பது போர்டிலிருந்து கடைசி சாக்கெட் வரை உள்ள ஃபேஸ் ஒயரின் தடை. R2 அதே தூரத்துக்கான எர்த் ஒயரின் தடை. 230 வோல்ட்டை இந்த Zs-ஆல் வகுத்தால் பழுதின்போது எத்தனை ஆம்பியர் ஓடும் என்பது வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த ஓம் விதிதான்.

வட்டத்தில் மண்ணுக்கு இடமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எர்த் என்றவுடன் உப்பும் கரியும் போட்ட குழிதான் பலருக்கு நினைவுக்கு வரும். சொந்த டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆலையில் பழுதுக் கரண்டைத் திருப்பிக் கொண்டுவருவது அந்தக் குழி அல்ல, ஒயர். குழியின் வேலை வேறு. அதற்குப் பிறகு வருவோம்.

இப்போது கணக்கைப் போடலாம். அலுவலகப் போர்டில் அளந்தபோது Ze 0.25 ஓம் இருந்ததாக வைத்துக்கொள்வோம். 2.5 ஸ்கொயர் தாமிர ஒயரின் தடை, 20 டிகிரி வெப்பத்தில், மீட்டருக்கு 7.41 மில்லி ஓம். ஃபேஸும் எர்த்தும் ஒரே பருமன் என்பதால் இரண்டும் சேர்ந்து மீட்டருக்கு 14.82 மில்லி ஓம். 120 மீட்டருக்கு 1.78 ஓம்.

ஆனால் கேபிள் எப்போதும் 20 டிகிரியில் இருப்பதில்லை. தாமிரம் சூடேறினால் தடை கூடும், டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம். பி.வி.சி. இன்சுலேஷன் போட்ட ஒயர் முழு லோடில் 70 டிகிரி வரை போகலாம் என்று விதி அனுமதிக்கிறது. 50 டிகிரி ஏறினால் தடை 20 சதவீதம் கூடுகிறது. அதனால் 1.78-ஐ 1.2-ஆல் பெருக்க வேண்டும். 2.13 ஓம். நாலு ஆம்பியர் ஓடும் கேபிள் 70 டிகிரிக்கு ஏறாது என்று வாதிடலாம். உண்மைதான். ஆனால் நாளைக்கு அதே சாக்கெட்டில் ஒரு ஹீட்டரைச் செருகினால் யார் தடுப்பார்கள்? கணக்கு மோசமான நாளுக்காகத்தான் போடப்படுகிறது. 0.25-ஐயும் சேர்த்தால் Zs 2.38 ஓம்.

230-ஐ 2.38-ஆல் வகுத்தால் சுமார் 97 ஆம்பியர்.

16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 97 ஆம்பியர் போதாதா என்று கேட்கத் தோன்றும். ஆறு மடங்கு! இங்கேதான் எம்.சி.பி.யின் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும். அந்தச் சின்னப் பெட்டிக்குள் இரண்டு தனித்தனிக் காவல்கள் இருக்கின்றன. ஒன்று, இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை. அது சூடாகி வளைந்தால் சுவிட்ச் விழும். ஓவர்லோடுக்கானது, நிதானமானது. மற்றொன்று காந்தச் சுருள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் கரண்ட் வந்தால் இமைப்பதற்குள், 0.1 வினாடிக்குள், இழுத்துத் தள்ளிவிடும். பழுதின்போது நாம் நம்பியிருப்பது இந்த இரண்டாவதைத்தான்.

அந்தக் காந்தம் எப்போது இழுக்கும் என்பது எம்.சி.பி.யின் முகத்திலேயே ஓர் எழுத்தாக அச்சிடப்பட்டிருக்கும். B என்றால் 3 முதல் 5 மடங்கு, C என்றால் 5 முதல் 10 மடங்கு, D என்றால் 10 முதல் 20 மடங்கு. C16 என்று போட்டிருந்தால், 80 ஆம்பியருக்குக் கீழே காந்தம் இழுக்கக் கூடாது, 160 ஆம்பியர் வந்தால் கட்டாயம் இழுத்தாக வேண்டும். நடுவில் எங்கே இழுத்தாலும் தயாரிப்பாளர் விதிப்படிதான் செய்திருக்கிறார். ஒரு பீஸ் 90-இல் விழும், அடுத்த பீஸ் 150 வரை நிற்கும். ஆகவே கணக்குப் போடுபவர் கடைசி எல்லையான 160-ஐத்தான் எடுத்துக்கொள்ள முடியும். நம் கேபினில் வருவது 97. காந்தம் இழுத்தால் அதிர்ஷ்டம். இழுக்காவிட்டால் நிதானமான பட்டை சூடாகும் வரை காத்திருக்க வேண்டும்.

காத்திருக்க எவ்வளவு நேரம் இருக்கிறது? இந்திய வயரிங் விதித்தொகுப்பான ஐ.எஸ். 732, சர்வதேச விதியான ஐ.இ.சி. 60364-ஐப் பின்பற்றி, 230 வோல்டில் இயங்கும் இதுபோன்ற கடைசி சர்க்யூட்டுக்கு 0.4 வினாடி தருகிறது. கையில் பிடிக்கும் சாதனங்களைச் செருகும் சாக்கெட் சர்க்யூட்டெல்லாம் இதில்தான் வரும். மெயின் போர்டிலிருந்து சப் போர்டுக்குப் போகும் கேபிளுக்கு 5 வினாடி வரை அவகாசம் உண்டு. அதை யாரும் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை.

இந்த 0.4 எங்கிருந்து வந்தது என்பதைக் கேபினை வைத்தே பார்க்கலாம். பழுதுக் கரண்ட் 97 ஆம்பியர், சூடான எர்த் ஒயரின் தடை 1.07 ஓம். ஓம் விதிப்படி எர்த் ஒயரின் இரு முனைகளுக்கும் இடையே 103 வோல்ட். அந்த 103 வோல்ட்தான் ஃபேனின் உடம்பில் நிற்கும். 'எர்த் பண்ணியிருக்கே, பாடியில கரண்ட் வராது' என்ற நம்பிக்கை இந்த இடத்தில் பொய்த்துவிடுகிறது. பழுது இருக்கும் வரை, எர்த் செய்த உடம்பிலும் வோல்டேஜ் இருக்கும். ஃபேஸும் எர்த்தும் ஒரே பருமன் என்றால் ஏறக்குறைய பாதி வோல்டேஜ். வியர்த்த கையோடு, ஈரத் தரையில் செருப்பில்லாமல் நிற்பவர் அதைத் தொட்டால், இதயத்தின் துடிப்பு ஒழுங்கு கெட்டுப்போகச் சில நொடிகள் தாராளம். அதற்குள் கரண்டை அறுத்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் வினாடியில் பாதிக்கும் குறைவான எல்லை.

விதி ஒரு வரியில் இப்படி வரும்: Zs × Ia ≤ U0. Ia என்பது எம்.சி.பி.யைக் குறித்த நேரத்துக்குள் விழவைக்கும் கரண்ட், U0 என்பது 230 வோல்ட். பிரிட்டனின் வயரிங் விதியான பி.எஸ். 7671, சப்ளை வோல்டேஜ் எப்போதும் முழுசாக இருக்காது என்பதால் 2015-லிருந்து 230-க்கு 5 சதவீதம் குறைத்தே கணக்கிடச் சொல்கிறது. நம் ஊர் சாயங்கால வோல்டேஜுக்கும் அது பொருத்தமான எச்சரிக்கை. அப்படிப் பார்த்தால் C16-க்கு அனுமதிக்கப்படும் அதிகபட்ச Zs 218.5-ஐ 160-ஆல் வகுத்து வரும் 1.37 ஓம். கேபினில் இருப்பது 2.38. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இந்த விவரம் தெரிந்ததும் பல இடங்களில் செய்யப்படும் முதல் வைத்தியம், கேட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் எர்த் பிட் போட்டு, கேபினின் உடம்பை அதோடு சேர்த்துவிடுவது. 'எர்த் வீக்கா இருக்கு, ஒரு பிட் போட்டா சரியாயிடும்.' சில இடங்களில் இன்னும் ஒரு படி மேலே போய், புதுக் குழி இருக்கிறதே என்று நீளமான எர்த் ஒயரையே விட்டுவிடுகிறார்கள். மூன்று கோருக்குப் பதில் இரண்டு கோர் கேபிள், அங்கே ஒரு குழி. கேபிள் செலவு மிச்சம். இதுதான் இந்தத் தலைப்பில் நடக்கும் மிக ஆபத்தான தவறு. அதனால் இதற்கும் ஒரு கணக்குப் போட்டுவிடலாம்.

புதுக் குழியின் தடை 5 ஓம் என்போம். மோசமில்லாத குழிதான். டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் குழி 1 ஓம். ஃபேஸ் ஒயரின் 1.1 ஓமையும் சேர்த்தால் வட்டத்தின் தடை 7.1 ஓம். கரண்ட் 32 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்குச் சரியாக இரண்டு மடங்கு. எம்.சி.பி.க்கான விதிப்படி, 2.55 மடங்கு கரண்ட் வந்தால்தான் ஒரு நிமிடத்துக்குள் விழ வேண்டிய கட்டாயம். 1.45 மடங்குக்கு ஒரு மணி நேரம் வரை அவகாசம் உண்டு. இரண்டு மடங்கு இதற்கு நடுவில் வருகிறது. அது ஒரு நிமிடத்தையும் தாண்டி நிற்கலாம். அதுவரை 32 ஆம்பியர் 5 ஓம் குழி வழியாக மண்ணுக்குள் இறங்கும்போது கேபினின் உடம்பில் நிற்பது 160 வோல்ட். நீளமான எர்த் ஒயர் இருந்தபோது 103 வோல்ட், சில வினாடிகள். குழியை மட்டும் நம்பியபோது 160 வோல்ட், நிமிடக் கணக்கில். வைத்தியம் நோயை வளர்த்துவிட்டது.

எர்த் ஒயர் இருக்கும்போதே கூடுதலாகக் குழி போடுவதில் தவறில்லை. நியூட்ரல் பக்கத்துக்கு நிலையான ஆதாரம் தரவும், மின்னல் போன்றவற்றுக்கும் குழி வேண்டும். எம்.சி.பி.யை விழவைக்கும் வேலையை மட்டும் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. எர்த் மெக்கரில் குழியை அளந்து '2 ஓம் இருக்கு, சூப்பர்' என்று எழுதிக்கொடுக்கும் சான்று, கேபினில் எம்.சி.பி. விழுமா என்ற கேள்விக்குப் பதில் அல்ல.

வீடுகளுக்கு இது ஏன் இன்னும் கடுமையானது என்பதும் இங்கே புரியும். சாதாரண எல்.டி. இணைப்பில் மின்வாரியம் ஃபேஸும் நியூட்ரலும் தருகிறது, எர்த் நம் வீட்டுக் குழியிலிருந்து எடுக்கப்படுகிறது. டி.டி. முறை என்று இதற்குப் பெயர். திரும்பும் வழியே மண்தான் என்பதால் எர்த் பழுதுக்கு எம்.சி.பி. விழுவதை நம்பவே முடியாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அறுக்கும் ஆர்.சி.சி.பி. அங்கே கட்டாயத் தேவை. இலங்கையிலும் வீடுகள் இதே முறையில்தான் இருக்கின்றன. அங்கே அதை 'ட்ரிப் சுவிட்ச்' என்பார்கள்.

அப்படியானால் ஆலைக் கேபினுக்கும் ஓர் ஆர்.சி.சி.பி. போட்டால் கணக்கே வேண்டாமே? போடத்தான் வேண்டும், அதில் சந்தேகமில்லை. 2.38 ஓமெல்லாம் ஆர்.சி.சி.பி.க்கு ஒரு பொருட்டே அல்ல. 97 ஆம்பியர் எர்த்துக்குப் போனால் அது சில பத்து மில்லி வினாடிகளில் அறுத்துவிடும். ஆனால் அதை மட்டும் நம்பி விடுவதில் இரண்டு சிக்கல்கள். வருடக் கணக்கில் யாரும் டெஸ்ட் பட்டனை அமுக்காத ஆர்.சி.சி.பி. தூசியிலும் பஞ்சிலும் இறுகிப்போய், தேவைப்படும் நாளில் விழாமல் நிற்கலாம். நூற்பாலையில் பஞ்சுத் தூசிக்குப் பஞ்சமில்லை.

இரண்டாவது, ஃபேஸும் நியூட்ரலும் நேரடியாக ஒட்டிக்கொள்ளும் ஷார்ட். போன கரண்ட் முழுக்க நியூட்ரலில் திரும்பிவிடுவதால் ஆர்.சி.சி.பி.யின் கண்ணுக்கு அது படவே படாது. எம்.சி.பி.தான் அறுக்க வேண்டும். அந்த வட்டத்திலும் அதே 120 மீட்டர், அதே 2.5 ஸ்கொயர், ஏறக்குறைய அதே 97 ஆம்பியர். இந்தக் கரண்டை 2.5 ஸ்கொயர் பி.வி.சி. கேபிள் சுமார் 9 வினாடிதான் தாங்கும். அதற்குள் எம்.சி.பி.யின் சூட்டுப் பட்டை முந்திக்கொள்ளுமா என்ற பந்தயத்தில் கேபிளை விட்டுவிடுவது நல்ல வயரிங் ஆகாது.

சரி, கேபினை எப்படிச் சரிசெய்வது? பலரும் உடனே கேபிளைப் பெரிதாக்குவார்கள். C16-ஐ அப்படியே வைத்துக்கொண்டால் 4 ஸ்கொயர்கூடப் போதாது. அதில் Zs 1.58 ஓம் வருகிறது, எல்லை 1.37. ஆகவே 6 ஸ்கொயர் இழுக்க வேண்டும். அப்போது 1.14 ஓம். நாலு ஆம்பியர் லோடுக்கு 120 மீட்டர் 6 ஸ்கொயர் தாமிரம்!

போர்டைத் திறந்து எம்.சி.பி.யை மட்டும் மாற்றினால் அதே பலன் கிடைக்கும். B16-க்குத் தேவைப்படும் கரண்ட் 5 மடங்கு, அதாவது 80 ஆம்பியர். அதிகபட்ச Zs 2.73 ஓம். கேபினின் 2.38 அதற்குள் வந்துவிடுகிறது. ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும் மோட்டார்களுக்காகத்தான் C தேவை. ஒரு ஃபேனும் டியூப் லைட்டும் உள்ள கேபினுக்கு B போதும். ஆனால் கடைகளில் கேட்காமல் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் C. வாங்குபவரும் 16 என்ற எண்ணைப் பார்க்கிறார், முன்னால் இருக்கும் எழுத்தைப் பார்ப்பதில்லை. அந்த ஓர் எழுத்து, இதே 2.5 ஸ்கொயர் கேபிளைப் பாதுகாப்பாக எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதை மாற்றிவிடுகிறது. C16 என்றால் 63 மீட்டர், B16 என்றால் 139 மீட்டர்.

அதோடு சாக்கெட்டுக்கு முன்னால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் சேர்த்தால், ஒன்று தவறினாலும் மற்றொன்று இருக்கும்.

மூன்றாவது கோரை விட்டுவிட்டு, தனியாக ஒரு ஜி.ஐ. ஒயரை எர்த்தாக ஓட்டும் வழக்கத்தையும் இங்கே பார்த்துவிட வேண்டும். எட்டு கேஜ் ஜி.ஐ. ஒயர் பார்வைக்கு வாட்டசாட்டமாக இருக்கும். அதன் குறுக்குப் பரப்பு சுமார் 13 சதுர மில்லிமீட்டர், 2.5 ஸ்கொயர் தாமிரத்தைப் போல ஐந்து மடங்கு. ஆனால் இரும்பு கரண்டைக் கடத்துவதில் தாமிரத்துக்கு வெகு தூரம் பின்னால் நிற்கிறது. அந்தத் தடித்த ஒயரின் தடை மீட்டருக்குச் சுமார் 10.6 மில்லி ஓம், ஒல்லித் தாமிரத்துக்கோ 7.41. ஐந்து மடங்கு பருமன் இருந்தும் தோற்றுவிடுகிறது. கேபினில் எர்த்துக்கு ஜி.ஐ. ஓட்டியிருந்தால் Zs 2.6 ஓமுக்கு ஏறி, B16-இன் எல்லையை உரசிக்கொண்டு நிற்கும். அதுவும் புது ஒயரில், துரு ஏறாத முடிச்சுகளோடு. ஏ.சி. கரண்டில் இரும்பு காந்தமாவதால் தடை இன்னும் கூடும். இரண்டு மழைக்காலம் கழித்து, கட்டிய இடத்தில் வெள்ளை பூத்து, பிறகு பழுப்பேறிய ஜி.ஐ. முடிச்சைப் பார்த்திருப்பவர்களுக்கு அதில் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்பது தெரியும்.

காகிதத்தில் போட்ட கணக்கு சரியா என்று அளந்து பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள். கரண்டை நிறுத்திவிட்டுப் போர்டில் ஃபேஸ் ஒயரையும் எர்த் ஒயரையும் ஒன்றாக இணைத்து, கேபின் சாக்கெட்டில் அந்த இரண்டுக்கும் இடையே குறைந்த தடையை அளக்கும் கருவியை வைத்தால் R1 + R2 நேரடியாகக் கிடைக்கும். கருவியின் சொந்த ஒயர்களின் தடையை முதலில் கழித்துவிட வேண்டும். சாதாரண மல்டிமீட்டரில் இதைச் செய்தால் ஒயர், கிளிப் தடையே கணக்கைக் கெடுத்துவிடும். இரண்டாவது, கரண்ட் இருக்கும்போதே லூப் டெஸ்டரைச் சாக்கெட்டில் செருகி Zs-ஐ முழுசாக அளப்பது.

நம் கேபினில் கேபிள் சூடில்லாமல் இருக்கும்போது லூப் டெஸ்டர் 0.25-உம் 1.78-உம் சேர்ந்து 2.03 ஓமுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். இதை நேராக 2.73-உடன் ஒப்பிடக் கூடாது. அளந்தது ஆறிப்போன கேபிளில், எல்லை சூடான கேபிளுக்கு. அதனால் எல்லையை 0.8-ஆல் பெருக்கி, 2.18-உடன் ஒப்பிடுவது வழக்கம். 2.03 உள்ளே வருகிறது. பழைய C16 அங்கேயே இருந்திருந்தால் ஒப்பிட வேண்டிய எண் 1.09. பாஸ் ஆகியிருக்காது.

அளந்த எண் கணக்கிட்ட எண்ணைவிட எவ்வளவு விலகுகிறது என்பதைத்தான் அனுபவமுள்ளவர்கள் முதலில் பார்ப்பார்கள். 2.03-க்குப் பதில் 2.6 வந்தால், எங்கோ ஒரு திருகு தளர்ந்திருக்கிறது, அல்லது நடுவழியில் யாரோ ஒட்டுப்போட்டு டேப் சுற்றியிருக்கிறார்கள். கேபிள் கூடையில் அந்த ஒட்டைத் தேடிப் போக வேண்டியதுதான். 1.2 என்று வந்தால் மகிழ்ச்சியடையக் கூடாது. கேபினின் இரும்புக் கால் கேட்டின் கம்பி வேலியைத் தொட்டுக்கொண்டு, வேலி வழியாக இன்னொரு பாதை கிடைத்திருக்கலாம். நாளைக்கு வேலியை மாற்றும்போது அந்தப் பாதை போய்விடும், Zs மறுபடி 2-க்கு மேல் ஏறும். வேலியைப் பிரித்துவிட்டு அளந்த எண்தான் கேபிளின் சொந்த எண்.

ஆர்.சி.சி.பி. உள்ள சர்க்யூட்டில் லூப் டெஸ்டரை வைத்தால் சோதனைக் கரண்டுக்கே அது விழுந்துவிடும். அதற்காகக் கருவிகளில் விழவைக்காத ஒரு முறை இருக்கிறது. அதில் மிகச் சிறிய கரண்டை வைத்தே அளப்பதால் எண் சில சமயம் அரை ஓம் அளவுக்குக்கூட ஆடும். 2.18 எல்லைக்கு 2.03 என்று நெருக்கமாக நிற்கும்போது அந்த ஆட்டம் தீர்ப்பையே மாற்றிவிடும். அப்போது கரண்டை நிறுத்தி R1 + R2 அளந்து, போர்டின் Ze-ஐக் கூட்டிக்கொள்வது மேல்.

சரிசெய்த பிறகும் கேபின் அப்படியே நிற்பதில்லை. கேட்டுக்கு வெளியே ஒரு விளக்குக் கம்பம் வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். கேபின் சாக்கெட்டிலிருந்து இன்னும் 30 மீட்டர் அதே 2.5 ஸ்கொயரை இழுத்துவிடுவார்கள். 150 மீட்டரில் Zs 2.92 ஓம். B16-இன் 2.73 எல்லை தாண்டிப்போச்சு. கம்பத்துக்குப் போர்டிலிருந்தே தனியாக ஒரு சர்க்யூட்டை, B6 எம்.சி.பி.யோடு எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. B6-க்கு 30 ஆம்பியர் போதும் என்பதால் அதன் எல்லை 7 ஓமுக்கு மேல்.

இன்னொன்று ஜெனரேட்டர். மின்வெட்டில் ஆலை டீசல் ஜெனரேட்டருக்கு மாறும்போது லூப்பின் தொடக்கப் புள்ளியே மாறிவிடுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் போல ஜெனரேட்டரால் பெரிய பழுதுக் கரண்டைத் தொடர்ந்து தர முடியாது. அதனால் டிரான்ஸ்ஃபார்மரில் ஓடும்போது அளந்த 0.25 ஓம், ஜெனரேட்டரில் ஓடும்போது செல்லாது. அதன் நியூட்ரல் முனை எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இணைப்பு விட்டுப்போயிருந்தால் பழுதுக் கரண்ட் திரும்பி வர வழியே இல்லை. அப்போது ஃபேனின் உடம்பில் கரண்ட் வந்தாலும் எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. இரண்டுமே விழாது. காவலர் அறைக்கு இன்வெர்ட்டர் வைத்திருந்தாலும் இதே கேள்விதான். சின்ன இன்வெர்ட்டரால் 80 ஆம்பியர் தரவே முடியாது. ஆகவே அளப்பவர் கேபினில் ஒரு தடவை மட்டும் அளந்துவிட்டுப் போகாமல், டிரான்ஸ்ஃபார்மரில் ஓடும்போது ஒரு எண், ஜெனரேட்டரில் ஓடும்போது ஒரு எண், கேபிளின் நீளம், பருமன், எம்.சி.பி.யின் எழுத்து ஆகியவற்றைச் சேர்த்து எழுதி, போர்டின் கதவுக்கு உட்புறம் ஒட்டி வைக்க வேண்டும். கம்பத்துக்காக அடுத்த முறை கதவைத் திறக்கும் எலக்ட்ரீசியனுக்குத் தேவைப்படும் எல்லா எண்களும் அதில் இருக்கும்.